துண்டு மட்டும் போதாது

"காது கேட்காது என்று டொக்டர் எழுதித் தந்த துண்டு இருந்தால் நட்டஈடு கிடைக்கும். வேறொன்றும் தேவையில்லை."

வேலைத்தள இரைச்சலால் காது மந்தமானவர்களிடம் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் துண்டு குறைபாட்டைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சுன்னாகப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 16 வருடம் நின்ற என் மாமாவிடம், "வயதாகிவிட்டது, அதுதான்" என்று முதலாளி தரப்பு கையை விரித்தது.

பதில் சொன்னது செவிச்சோதனை வரைபடம். இரைச்சலால் வந்த பாதிப்பில் இரு காதிலும் கோடு பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அருகே பள்ளமாக விழுந்து, 8000இல் சற்று ஏறும். முதுமையில் அப்படி ஏறாது, இறங்கிக்கொண்டே போகும். வயது கூடினால் இரண்டும் கலந்துவிடும், அங்கேதான் இழுபறி. எலும்பு வழிக் கேட்டலையும் அளக்கச் சொல்லுங்கள். நடுக்காதுக் கோளாறா என்பது அதில் தெரியும். மாமா முதலில் வேலை முடிந்த கையோடு போனார். இரைச்சலின் தற்காலிக மந்தமும் சேர்ந்துவிட்டதால் இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் மறுபடி எடுத்தார்கள்.

சம்பளத் துண்டுகள் அவரிடம் இல்லை. சேமலாப நிதிக் கணக்கு வருடங்களைக் காட்டியது. இயந்திரத்தருகே நின்றதைக் காட்டவில்லை. அதற்கு உடன் வேலை செய்தவரின் எழுத்துமூல வாக்குமூலம் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.