அத்தை நாளைக்கு வருகிறாளாம்

என் மகள் எட்டாம் வகுப்பு. போன வாரம் தமிழ்த் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக என்று ஒரு கேள்வி: அத்தை மீனாவிடம், "நான் நாளை உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று கூறினாள். இவள் எழுதியிருந்தது: அத்தை நாளை மீனா வீட்டுக்கு வருகிறாளாம். தாள் கிழியும் அளவுக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, பூஜ்யம்.

ஆசிரியரைக் குறை சொல்ல வரவில்லை. வினாத்தாள் கேட்டது அந்த வடிவத்தை அல்ல, அத்தை மீனாவிடம்தான் சொன்னாள் என்ற செய்தியும் இவள் விடையில் காணாமல் போயிருக்கிறது. மதிப்பெண் போனது போகட்டும். ஆனால் அந்த "ஆம்" இருக்கிறதே, அதுதான் நாம் வீட்டில் நாள் முழுக்கப் பேசுகிற அயற்கூற்று. "பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம்", "பக்கத்து வீட்டில் பொண்ணு பார்க்க வர்றாங்களாம்". யாரோ சொன்னார்கள், நான் கடத்துகிறேன், உண்மைக்கு நான் பொறுப்பில்லை, இத்தனையும் ஒற்றை "ஆம்"முக்குள் அடங்கிவிடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள். அத்தை சொன்னது "வருகிறேன்", இவள் எழுதியது "வருகிறாள்". அதாவது "ஏன்" விகுதியை "ஆள்" விகுதியாக மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அயற்கூற்றில் கடினமான வேலையே அதுதான்.

சரி, பள்ளி எதிர்பார்த்த விடை இது: அத்தை மீனாவிடம், தான் மறுநாள் அவள் வீட்டுக்கு வருவதாகக் கூறினாள்.

இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நோட்டைப் பார்த்தேன். ஓர் அட்டவணை. இடப்பக்கம் நான், நீ, இன்று, நாளை, நேற்று, இங்கே, இது. வலப்பக்கம் தான், அவன், அன்று, மறுநாள், முந்தைய நாள், அங்கே, அது. மனப்பாடம் செய், மாற்றிப் போடு. பத்தில் ஏழு கேள்விக்கு இது வேலை செய்யும், மிச்சம் மூன்றில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். ஏன் மாட்டிக்கொள்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

"நீ"யை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை "அவன்" என்கிறது. ஆனால், அப்பா என்னிடம், "நீ பொறுப்பில்லாதவன்" என்று கூறினார் என்பதை மாற்றினால்? கேட்டவன் நான். அங்கே "நீ" என்றால் "நான்". ஆக, நான் பொறுப்பில்லாதவன் என்று அப்பா என்னிடம் கூறினார் என்று வரும். அட்டவணைப்படி "அவன் பொறுப்பில்லாதவன்" என்று எழுதினால் திட்டு வாங்கியது நானில்லை, வேறு எவனோ. (சின்ன வயதில் இந்த விடை எனக்குப் பயன்பட்டிருக்கும்.) சொல்லுக்குச் சொல் மாற்றக் கூடாது. சொன்னவர் யார், கேட்டவர் யார், இப்போது கடத்துகிறவர் யார், இந்த மூன்று பேரையும் முதலில் ஓரத்தில் எழுதிக்கொண்டால் "நீ" எதுவாக மாறும் என்பது தானே தெரிந்துவிடும்.

இப்போது சொன்ன வாக்கியத்திலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதை மேற்கோள் குறி இல்லாமல் வாசித்தால், அப்பா தன்னையே பொறுப்பில்லாதவன் என்று சொல்லிக்கொண்டதாகவும் படிக்கலாம். காரணம் "என்று". அதற்கு முன்னால் வருவது சொன்னபடியே இருக்கலாம், மாற்றியும் இருக்கலாம், "என்று" இரண்டுக்கும் இடம் கொடுக்கும். "என்று" இருந்தால் நேர்க்கூற்று, "ஆக" இருந்தால் அயற்கூற்று என்று என் மகள் நோட்டில் கட்டம் கட்டி எழுதியிருக்கிறது. தவறு. "தான் வரவில்லை என்று கூறினான்" என்பதும் அயற்கூற்றுதான், அங்கே அடையாளம் "தான்". எதிர்மறையில் பெரும்பாலும் "என்று"தான் இயல்பாக வரும். "வராததாகக் கூறினான்" என்று யாராவது எழுதினால் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது.

அப்புறம் இந்த "தான்". இது எப்போதும் சொன்னவரையே குறிக்கும். சொன்னவர் மரியாதைக்குரியவரானால் "தாம்", பலரானால் "தாங்கள்". நம் பிள்ளைகள் அன்றாடப் பேச்சில் இதை ஆளுக்குப் பதிலான சொல்லாகப் புழங்குவதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த "தான்" வேறு, "அவன்தான் எடுத்தான்" என்று அழுத்திச் சொல்கிற "தான்". அதனால் "குமார் தான் வருவதாகச் சொன்னான்" என்று எழுதிக்காட்டியபோது மகள் கேட்டாள், "குமார் மட்டும்தான் வர்றானாம்மா?" நியாயமான கேள்வி. சேர்த்து எழுதினால் ஒரு பொருள், பிரித்து எழுதினால் வேறு பொருள், வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒன்று. "குமார், தான் வருவதாகச் சொன்னான்" என்று ஒரு காற்புள்ளி போட்டால் தீர்ந்தது. அந்தக் காற்புள்ளியை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. அதே வாரத்தில் ஆங்கில வகுப்பிலும் இதே பயிற்சி நடக்கிறது. அங்கே சொன்னது இறந்தகாலம் என்றால் உள்ளே இருக்கும் வினையையும் ஒரு படி பின்னுக்குத் தள்ள வேண்டும். தமிழில் அந்த வேலை கிடையாது. ஆனால் பிள்ளைகள் அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்து "அத்தை மறுநாள் வந்ததாகக் கூறினாள்" என்று எழுதுகிறார்கள், இன்னும் கிளம்பாத அத்தை வந்து சேர்ந்துவிடுகிறாள். தமிழில் இழப்பு வேறு மாதிரி. "தினமும் நடக்கிறேன்" என்றாலும் "தினமும் நடப்பேன்" என்றாலும் மாற்றிய பிறகு "தினமும் நடப்பதாக" என்றுதான் வரும். நிகழ்காலமும் எதிர்காலமும் ஒன்றாகிவிடும், இறந்தகாலம் மட்டும் "நடந்ததாக" என்று தனியே நிற்கும். ஒரு மாணவி இதைக் கவனித்துக் கேட்டால் அவளைப் பாராட்ட வேண்டும்.

அடுத்த பக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை. அங்கேயும் கதை விகுதியில்தான் சிக்குகிறது. தோட்டக்காரர் செடிகளை வளர்த்தார் என்பதற்கு மகள் எழுதியது: செடிகளை தோட்டக்காரரால் வளரப்பட்டது. ஒரு வரியில் மூன்று தவறு, மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. "ஆல்" சேர், "பட்டது" போடு என்று இரண்டே கட்டளைகளை அவள் மனத்தில் வைத்திருக்கிறாள்.

நாங்கள் உட்கார்ந்து இப்படிச் செய்தோம். முதலில் "எதை வளர்த்தார்?" என்று கேள். செடிகளை. பதில் வருகிறது, ஆக மாற்றலாம். ("குழந்தை தூங்கியது" என்பதில் எதைத் தூங்கியது என்று கேட்டால் பதிலே வராது, அதை மாற்றவே முடியாது, அப்படி ஒரு கேள்வி வந்தால் கேள்விதான் தவறு.) அந்தச் செடிகள் இப்போது எழுவாய், எனவே "ஐ" உதிர்கிறது: செடிகள். தோட்டக்காரர், தோட்டக்காரரால். வினைக்கு "வளர்" என்ற வேரைப் பிடித்தால் இரண்டு வழி பிரிகிறது. தானாக வளர்வது வளர, ஒருவர் வளர்ப்பது வளர்க்க. வளர்த்தார் என்பதிலிருந்து வந்தால் "வளர்க்க"தான், அதோடு "படு". உடையப்பட்டது, மாறப்பட்டது என்றெல்லாம் விடைத்தாளில் வருவது இங்கே தடுமாறுவதால்தான். உடைக்கப்பட்டது, மாற்றப்பட்டது என்றுதான் வர வேண்டும். கடைசியில் விகுதி. பழைய வாக்கியத்தில் வினை தோட்டக்காரர் சொல்பேச்சு கேட்டு "ஆர்" போட்டது. இப்போது முதலாளி மாறிவிட்டார், செடிகள், பன்மை, அஃறிணை. எனவே "அன". செடிகள் தோட்டக்காரரால் வளர்க்கப்பட்டன. இதே முறையில் "நான் உன்னை அழைத்தேன்" என்பது "நீ என்னால் அழைக்கப்பட்டாய்" ஆகும். எல்லாவற்றுக்கும் "பட்டது" போடுகிற பிள்ளைக்கு இந்த "பட்டாய்" ஓர் அதிர்ச்சி.

ஆனால் எந்த வாக்கியங்களைக் கொடுத்து மாற்றச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபமே வருகிறது. "பாட்டி முறுக்கு சுட்டாள்" என்று ஒரு கேள்வி. முறுக்கு பாட்டியால் சுடப்பட்டது. படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம், யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. செய்தவர் முக்கியமில்லாதபோதோ தெரியாதபோதோதான் தமிழில் இந்தப் "படு" வடிவம் பொருந்தும். கைது செய்யப்பட்டார், அணை திறக்கப்பட்டது, 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாற்றப்பட்டது. இதிலெல்லாம் "ஆல்" வருகிறதா பாருங்கள், வரவில்லை. செய்தவரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நாம் செய்வினையிலேயே சொல்லிவிட்டுப் போகிறோம். தேர்வில் மட்டும்தான் பாட்டி "ஆல்" மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறாள். திருக்குறள் 1886-ல் ஜி.யு.போப்பால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது என்பது மாதிரி வாக்கியம் கொடுத்தால் ஒத்துக்கொள்வேன், அங்கே பேச்சு திருக்குறளைப் பற்றியது, போப் பின்னால் வந்தால் போதும்.

செய்தவரை மறைக்கத் தமிழுக்கு வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் பழையது. "செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே" என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு "திண்ணை மெழுகிற்று". திண்ணை எதை மெழுகும்? யாரோ திண்ணையை மெழுகினார்கள். ஆனால் திண்ணையே மெழுகியது போலச் சொல்வது வழக்கு, அது பிழையில்லை என்று இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. இன்றைக்கு நாம் "வீடு கட்டியாச்சு", "சோறு வடிச்சாச்சு", "கடை திறந்தாச்சு" என்று சொல்வதும் அதற்குப் பக்கத்தில் நிற்கிற வழக்குதான். "படு"வும் இல்லை, "ஆல்"லும் இல்லை, செய்தவரும் இல்லை.

இதை மகளிடம் சொன்னேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வரும் தேர்வில் "முறுக்கு சுட்டாச்சு" என்று எழுதலாமா என்றாள். வேண்டாம், "சுடப்பட்டது" என்றே எழுது, மதிப்பெண் போய்விடும் என்றேன். உள்ளே போய் அவள் அப்பாவிடம் சொல்வது கேட்டது, "சரியான தமிழை எழுதக் கூடாதாம், அம்மா சொல்றா."