வியாழக்கிழமை மாலை எங்கே போகிறேன் என்று அவரிடம் சொன்ன விதம்

சனிக்கிழமைகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வரும் ஒரு தங்கை, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, கதவருகில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டாள். அவள் ஓராண்டாக ஆலோசகர் ஒருவரிடம் பேசி வருகிறாள். இப்போது ஒருவரோடு பழகத் தொடங்கியிருக்கிறாள். அதை அவரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதுதான் கேள்வி. அவளிடம் சொன்னதையே இன்னும் கொஞ்சம் யோசித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நானும் மூன்று ஆண்டுகளாக ஒரு ஆலோசகரைப் பார்த்து வருகிறேன், இதை ஒரு முறை தவறாகவும் ஒரு முறை சரியாகவும் சொல்லியிருக்கிறேன்.

தவறாகச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பழகிய ஒருவரைச் சந்தித்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை வியாழக்கிழமைகளில் வகுப்பு இருப்பதாகச் சொல்லி வந்தேன். ஒரு நாள் அந்தப் பொய் தாங்காமல், நார்த் பீச் நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, “மன்னிச்சுக்குங்க, இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்” என்று தொடங்கினேன். அப்படித் தொடங்கியதும் அவர் முகம் மாறியது, ஏதோ பெரிய செய்தி வரப்போகிறது என்று உடம்பை நிமிர்த்திக்கொண்டார். நான் போகும் இடத்தைச் சொன்னதோடு நிற்காமல், ஏன் போகிறேன், எந்த ஆண்டு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று இருட்டும்வரை பேசினேன். கடைசியில் அவர், “பரவாயில்ல, நான் உங்களை ஏத்துக்கிறேன்” என்றார்.

அந்த வார்த்தையில் அன்று எனக்கு ஆறுதல் கிடைத்தது. பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. மன்னிப்புக் கேட்பவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார், எதிரில் இருப்பவருக்கோ தீர்ப்புச் சொல்லும் இடத்தைக் கொடுத்துவிடுகிறார். அவர் கெட்டவர் அல்லர், நான் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு எங்களுக்குள் எந்தச் சிறு சச்சரவு வந்தாலும், “இதை உங்க ஆலோசகர்கிட்ட சொல்லுங்க” என்று முடித்துவிடுவார். நான் கோபப்பட்டால் அது என் நோயின் அறிகுறி ஆயிற்று, நான் அமைதியாக இருந்தால் சிகிச்சையின் பலன் ஆயிற்று. அந்த உறவு ஓராண்டு நீடிக்கவில்லை.

இப்போது பழகி வருபவர் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக டர்பன் வந்தவர். நானோ இங்கே பிறந்து, பாட்டியிடமும் பாடசாலையிலும் பிறகு சென்னையிலும் தமிழ் படித்தவள். நாங்கள் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம், அதில்தான் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆலோசனை அறையில் நான் பேசுவது முழுக்க ஆங்கிலம். அங்கே நடப்பதற்கு என்னிடம் தயாரான தமிழ்ச் சொல் இல்லை. ‘கவுன்சிலர்’ என்றால் தமிழ்க் காதுக்கு வார்டு உறுப்பினர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். ‘மனநல மருத்துவர்’ என்பது உண்மையன்று, ஏனென்றால் மருந்து எழுதித்தரும் மருத்துவர் வேறு, நான் பார்ப்பவர் வேறு. ‘சிகிச்சை’ என்றால் ‘என்ன வியாதி’ என்ற கேள்வி உடனே வரும். பள்ளிப் பிள்ளைகள்கூட ‘மெண்டல்’ என்று ஒருவரையொருவர் திட்டும் மொழியில், எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதுவே பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகிறது. யோசித்து, ‘மனசு விட்டுப் பேசுவதற்கு ஒரு ஆலோசகர்’ என்பதை வைத்துக்கொண்டேன். அது நீளமானது, ஆனால் உண்மையானது, யாரையும் பயமுறுத்தாதது.

எப்போது சொல்வது என்பதற்கு நான் கண்ட வழி, அதற்கென்று ஒரு நேரம் குறிக்காமல் இருப்பதே. முதல் சந்திப்பில் சொல்லத் தேவையில்லை, அங்கே அது ஒரு சோதனை போலாகிவிடும். நான்கு மாதம் மறைத்தால் நான் சொன்ன கதைதான். மறைக்க ஒரு பொய் தேவைப்படும் முதல் தருணமே சொல்லவேண்டிய தருணம். எனக்கு அது மூன்றாம் சந்திப்பில் வந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, “வியாழக்கிழமை சாயங்காலம் கேட்வேயில் படத்துக்குப் போலாமா?” என்று கேட்டார்.

“வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஒரு ஆலோசகரைப் பார்க்கப் போவேன். மனசு விட்டுப் பேசுறதுக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல போறேன், நல்லா உதவியா இருக்கு. வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?”

இதை வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தேன். எங்கே போகிறேன், எவ்வளவு நாளாகப் போகிறேன், அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்ற மூன்று மட்டுமே அதில் உண்டு. மூன்றாவது முக்கியமானது. நான் அதை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்லாவிட்டால், எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் தடுமாறுவார், பெரும்பாலும் பயத்தின் பக்கம் சாய்வார். ‘உதவியாக இருக்கிறது’ என்று சாதாரணக் குரலில் சொன்னால், அந்தக் குரலையே அவரும் பிடித்துக்கொள்ள முடியும். கடைசியில் வெள்ளிக்கிழமையைக் கேட்டதால் பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி அவர் கையில் இருந்தது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கோப்பையைச் சற்றுத் திருப்பி வைத்தார். முன்பு நான் சறுக்கிய இடம் இதுதான். மௌனம் வந்தவுடன் அதை நிரப்ப வேண்டும் என்று தோன்றும், ‘பயப்படாதீங்க, பெருசா ஒண்ணுமில்ல’ என்று வாய் வரை வரும், அந்த ஒரு வாக்கியம் போதும் மற்றதெல்லாம் அதன் பின்னால் கொட்டுவதற்கு. நான் என் தேநீரைக் குடித்தேன். பிறகு அவர், “எல்லாம் நல்லா இருக்கீங்கல்ல? பெரிய பிரச்சினை எதுவும்…” என்று இழுத்தார்.

“தூக்கம் சரியில்லாம இருந்துச்சு, அதுக்காகப் போக ஆரம்பிச்சேன். மத்ததைப் போகப் போகச் சொல்றேன்.”

“சரி. அப்ப வெள்ளிக்கிழமை ஆறு மணி?”

அவ்வளவுதான். போகிறேன் என்பது ஒரு செய்தி, எதனால் தொடங்கினேன் என்பது அதற்கு அடுத்தது, அந்த அறைக்குள் என்ன பேசுகிறேன் என்பது அதற்கும் உள்ளே இருப்பது. அன்று முதலாவதை முழுதாகவும் இரண்டாவதை ஒரே சொல்லாலும் தந்தேன். மூன்றாவதை ஒருவருக்கும் தரக் கடமைப்படவில்லை. காரணத்தை இந்தப் பதிவிலும் ‘தூக்கம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லை தாண்டுகிறேன் என்பதை எப்படி அறிவது என்று அந்தத் தங்கை கேட்டாள். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்பதை நிறுத்திய பிறகும் நாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், தாண்டிவிட்டோம். சொல்லும்போது ஒரு பாரம் இறங்குவதுபோல் சுகமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்தச் சுகம் ஆலோசனை அறையில் கிடைக்கவேண்டியது, அதைத் தாங்கும் பயிற்சி அவருக்கு இல்லை, நமக்கோ மறுநாள் காலையில் ஏன் சொன்னோம் என்று கூசும். இதனால்தான் ஐம்பது நிமிடம் பேசிவிட்டு வெளியே வரும் வியாழன் இரவுகளில் நான் அவரைச் சந்திப்பதில்லை. அந்த நேரத்தில் உள்ளே கிளறிவிட்டது இன்னும் அடங்கியிருக்காது, யார் கேட்டாலும் கொட்டிவிடுவேன்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. என் ஆலோசகர் இந்நாட்டுச் சுகாதாரத் தொழில்முறை மன்றத்தில் பதிவு பெற்றவர், உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளைத் தவிர நான் சொன்னதை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. ஆனால் தேநீர்க் கடையில் என் எதிரில் உட்கார்ந்திருப்பவரை இவை எதுவும் கட்டுப்படுத்தாது. ஒரு கோவில் திருவிழாவுக்குள் பாதி சாட்ஸ்வொர்த்துக்கும் செய்தி போய்விடும் ஊர் இது. ஆகவே முதல் வாக்கியம், அவர் தாயார் காதுக்குப் போனாலும் எனக்குத் தலைகுனிவு இல்லாத வாக்கியமாக இருக்கவேண்டும். ‘ஒரு ஆலோசகரிடம் பேசுகிறாள், அவளுக்கு உதவியாக இருக்கிறதாம்’ என்று ஊர் பேசினால் பேசட்டும்.

மூன்று வாரம் கழித்து அவர் வேறொன்று கேட்டார். “அங்க என்னைப் பத்தியும் பேசுவீங்களா?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதற்கு மழுப்பக்கூடாது. “பேசுவேன். ஆனா நான் என்ன நினைக்கிறேன், எப்படி நடந்துக்கிறேன்னுதான் பேச்சு போகும். அவங்க யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க” என்றேன். அவர் தலையாட்டினார். இந்த வாக்கைக் காப்பாற்ற நானும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ‘உங்களைப் பத்தி என் ஆலோசகர் இப்படிச் சொன்னாங்க’ என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். முன்பிருந்தவர் என்மேல் வீசிய கல்லை நான் இவர்மேல் வீசுவதற்குச் சமம் அது.

இவ்வளவும் ஆலோசனைக்குப் போகும் செய்திக்கு மட்டுமே பொருந்தும். மருத்துவர் ஒரு நோயைப் பெயர் சொல்லிக் கண்டறிந்திருந்தால், அதற்கு நாள்தோறும் மருந்து உண்டால், அது குழந்தைப்பேற்றையோ சேர்ந்து வாழ்வதையோ தொடுமானால், திருமணப் பேச்சுக்கு முன்பே உட்கார்ந்து விரிவாகச் சொல்லவேண்டும். அங்கே ஒற்றை வாக்கியம் போதாது. அந்தத் தங்கைக்கு அப்படி எதுவும் இல்லை.

அவர் தாயார் டிசம்பரில் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு வாரம் தங்கப் போகிறார். ஏதோ ஒரு வியாழக்கிழமை மாலையில் என்னைத் தேடுவார். “நான் அம்மாகிட்ட சொல்லட்டுமா?” என்று அவர் கேட்டார். இது என் செய்தி, நானே சொல்கிறேன் என்றேன், அவர் ஒத்துக்கொண்டார். “வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஒரு ஆலோசகரைப் பார்க்கப் போவேன் அத்தை, மனசு விட்டுப் பேசுறதுக்கு, ரொம்ப உதவியா இருக்கு” என்று, ‘அத்தை’யைச் சரியான இடத்தில் வைத்து, இப்போதே சொல்லிப் பார்த்து வருகிறேன்.