கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு

"தாய்லாந்து மொழிக் கட்டுரையின் தலைப்பும் திறவுச்சொல்லும் திரையில் சரியாகத் தெரிந்தால் போதும், தேடலில் தானாக வந்துவிடும்."

அப்படி நம்பிவிட வேண்டாம். 'மொழிபெயர்ப்பு' என்பதற்கான การแปล என்ற சொல்லைப் பாருங்கள். அதில் வரும் แ ஒரே எழுத்து, அதன் யூனிகோட் எண் U+0E41. அவசரத்தில் เ (U+0E40) விசையை இருமுறை தட்டி เเ என்று இடுபவர்கள் உண்டு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அது வேறு சொல், கட்டுரை தேடலில் சிக்காது.

யூனிகோட் NFC சீராக்கம் செய்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. எழுத்தும் அதன் மேற்குறியும் தனித்தனியாக இருந்தால் ஒன்றாக இணைக்கும் முறை அது, பிரெஞ்சு எழுத்துகளுக்குச் சரி. ஆனால் แ, เเ இரண்டையும் அது ஒன்றாக்காது.

சந்தேகம் இருந்தால், பதிவில் உள்ள சொல்லை அப்படியே நகலெடுத்துப் பைத்தானில் ஒட்டிப் பாருங்கள்:

```
len("การแปล")
```

6 வந்தால் சரி. 7 வந்தால் இரட்டை เ நுழைந்திருக்கிறது.