π என்றால் 180ஆம்! யார் சொன்னது?

வட்டப் பாடத்துக்குத் தயாரிக்கிற பயிற்சித்தாள்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. முதல் கணக்கில் மையக்கோணம் 60°. அடுத்ததில் π/3. அதற்கடுத்து வெறும் 1.2. தாளின் உச்சியில் கட்டம் கட்டி நான்கு சூத்திரம், எதை எங்கே போடுவது என்று ஒரு வரி கிடையாது. பிள்ளை மாற்றிப் போட்டுவிட்டால் மட்டும் "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் எழுதத் தெரிகிறது.

கவனக்குறைவு இல்லை சாமி. "π என்றால் 180" என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்களே, அதன் விளைவு. π ரேடியன்தான் 180 பாகைக்குச் சமம். அந்த "ரேடியன்" என்ற சொல்லை விழுங்கிவிட்டால் மிச்சம் நிற்பது பொய். π ஓர் எண், ஏறக்குறைய 3.14. அது எந்தக் காலத்திலும் 180 ஆகாது.

இந்தப் பொய் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். ஆரம் 21 செ.மீ., கோணம் π/3, வில்லின் நீளம் கேட்கிறார்கள். பிள்ளை "π என்றால் 180, அதில் மூன்றில் ஒன்று 60" என்று போடுகிறது. ரேடியன் கணக்குதானே என்று, வில் = ஆரம் × கோணம் என்கிற l = rθ-வை எடுத்து 21 × 60 = 1260 செ.மீ. என்று முடித்துவிடுகிறது. பன்னிரண்டரை மீட்டருக்கும் மேல்! முழு வட்டத்தின் சுற்றளவே 2 × 22/7 × 21 = 132 செ.மீ.தான். அதில் ஒரு துண்டான வில், வட்டத்தை ஒன்பதரை முறை சுற்றி வருமா? விடையைச் சுற்றளவோடு ஒப்பிட்டுப் பார் என்று ஒரு வரி அச்சடித்திருந்தால் பிள்ளையே பிடித்திருக்கும்.

சரியான வழி இவ்வளவுதான். 60° என்பது 360-இல் ஆறில் ஒரு பங்கு. அதனால் வில் 132-இல் ஆறில் ஒன்று, 22 செ.மீ. வட்டக்கோணப்பகுதியின் பரப்பும் வட்டப் பரப்பான 1386-இல் ஆறில் ஒன்று, 231 ச.செ.மீ. ரேடியனில் வேண்டுமா? முழுச் சுற்று 2π. π/3-ஐ 2π-ஆல் வகுத்தாலும் அதே ஆறில் ஒன்றுதான். கோணத்தை முழுச் சுற்றால் வகு, கிடைக்கிற பங்கைச் சுற்றளவிலோ பரப்பிலோ எடு. θ/2π-ஐ 2πr-ஆல் பெருக்கினால் 2π அடிபட்டு rθ நிற்கும். πr²-ஆல் பெருக்கினால் π மட்டும் அடிபடும், கீழே அந்த 2 தங்கிவிடும், அதுதான் ½r²θ. அந்த ½ எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லாததால்தான் பாதிப் பேர் அதை மறந்து இரு மடங்கு பரப்பு எழுதுகிறார்கள். நான்கு சூத்திரமாம், நான்கு! இருப்பது ஒரே பங்குக் கணக்கு. சரிபார்க்கவும் வழி இருக்கிறது: பரப்பு எப்போதும் ½ × வில் × ஆரம். 22 × 21-இல் பாதி 231, பொருந்துகிறதா?

அந்த வெறும் 1.2-க்கு வருவோம். பாகைக் குறி இல்லாத கோணம் ரேடியன் என்பது வழக்கம். அதைத் தாளில் சொல்ல என்ன கஞ்சத்தனம்? ஆரம் 10 செ.மீ. என்றால் வில் 12 செ.மீ., பரப்பு 60 ச.செ.மீ.; π-யே தேவையில்லை. பிள்ளையோ 1.2-ஐ 360-ஆல் வகுத்து, அந்தப் பங்கைச் சுற்றளவில் எடுத்து, வில் 0.21 செ.மீ. என்று எழுதும். படத்தில் கிட்டத்தட்ட 69° விரிந்திருக்கிற துண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வில்!

எல்லாவற்றையும் விடக் கொடுமை தட்டச்சு. பாகைக் குறிக்குப் பதிலாக ஒரு பூஜ்ஜியத்தைச் சின்னதாக்கி மேலே ஏற்றி வைக்கிறார்கள். கோப்பை வேறு எங்காவது நகலெடுத்து ஒட்டியதும் அது கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். 60° என்பது 600 ஆனால் பரவாயில்லை, 360-ஐத் தாண்டிவிட்டதே என்று யாராவது விழித்துக்கொள்வார்கள். 30° என்பது 300 ஆனால்? அதுவும் நியாயமான கோணம்தான், யாருக்கும் சந்தேகம் வராது. ஆரம் 21 என்றால் அச்சிலிருக்கிற 300-க்குப் பிள்ளை 110 செ.மீ. என்று சரியாகவே போடும். விடைத்தாளிலோ 11 என்று இருக்கும். பூஜ்ஜியத்தைச் சேர்த்தது தட்டச்சு செய்தவர், பூஜ்ஜியம் வாங்குவது பிள்ளை.