பிரித்துப் பார்க்க முடியாத பெட்டியும் "பேராசை" பட்டமும்

சனிக்கிழமை பழைய வீடியோ கேம் சேகரிக்கும் நம் குழுவில் நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். டர்பன் பீனிக்ஸ் பக்கத்துத் தம்பி 14,000 ரேண்ட் கொடுத்து வாங்கிய சீல் பிரிக்காத "சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3" பிரித்த பெட்டிக்கு மறுபடி பிளாஸ்டிக் தாள் சுற்றி மறுசீல் போட்டது என்று தெரிந்ததும், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு படத்தோடு போட்டார். அதன் கீழே எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! "பேராசை பெருநஷ்டம்" என்று ஐந்து பேர். அதில் இரண்டு பேர் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். இது பிரித்துப் பார்க்க முடியாத பொருள். கார் வாங்கினால் ஓட்டிப் பார்க்கலாம். நகை வாங்கினால் உரசிப் பார்க்கலாம். சீல் பிரிக்காத பழைய கேமில் நீங்கள் காசு கொடுப்பதே பிரிக்காமல் இருப்பதற்குத்தான். உண்மையா என்று தெரிந்துகொள்ளப் பிரித்தால், உண்மையாகவே இருந்தாலும் அந்த நிமிடமே விலை போய்விடும். மோசடிக்காரனுக்கு இதைவிட வசதியான சரக்கு உண்டா? தம்பியின் பேராசையைத் தேடி அவன் வரவில்லை. சோதிக்க முடியாத பொருளைத் தேடி வந்தான்.

"ஒரு பிளாஸ்டிக் தாளுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், பிளாஸ்டிக் தாளுக்குத்தான். 2021 ஜூலையில் அமெரிக்க ஏலத்தில் ஒரு "சூப்பர் மரியோ 64" 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அது அபூர்வமான கேமா? உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்ற கேம். விளையாடுவதற்கான பிரதி சந்தையில் குவிந்து கிடக்கிறது. அந்தப் பெட்டிக்கு வாட்டா என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் கொடுத்திருந்தது 10-க்கு 9.8, சீலுக்குத் தனியாக ஏ பிளஸ் பிளஸ். விலை முழுக்க அந்த இரண்டு மதிப்பெண்ணில் நின்றது. பெட்டியின் மூலை மழுங்கியிருக்கிறதா, வெயிலில் நிறம் மங்கியதா, அட்டை நசுங்கியதா, சீலில் கிழிசல் உண்டா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். மேல்தட்டில் அரைப் புள்ளி குறைந்தால் விலை பாதிக்குக் கீழே போவதும் உண்டு. அப்படியென்றால் அரைப் புள்ளியைப் போலியாக உண்டாக்க எவனுக்குக் கை அரிக்காது?

"மதிப்பீடு செய்த பெட்டியாக வாங்கியிருக்கலாமே" என்றார் ஓர் அண்ணன். நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டர்பனிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பெட்டியை அனுப்பி, டாலரில் கட்டணம் கட்டி, திரும்பி வரும்போது சுங்கத்தோடு மல்லுக்கட்டியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அப்புறம், மதிப்பீடு செய்பவர்களும் பெட்டியைப் பிரிப்பதில்லை. வெளியே பார்த்துத்தான் சொல்கிறார்கள். நம்மைவிட ஆயிரம் பெட்டி அதிகம் பார்த்த கண், அவ்வளவுதான்.

"படத்தைப் பார்த்தாலே தெரியுமே" என்ற மேதைகள் மேல்தான் எனக்குக் கோபம். என்ன தெரியும்? சரி, நானே சொல்கிறேன். அமெரிக்காவில் விற்ற பழைய நின்டெண்டோ பெட்டிகளில், தொழிற்சாலைத் தாளின் ஒட்டு பின்பக்கம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். நடுவில் குறுக்காக ஒரு கோடு, இரு ஓரங்களிலும் செங்குத்தாக ஒட்டு. கடை மிஷினில் போட்ட தாளில் அந்தக் குறுக்குக்கோடு இருக்காது, ஒட்டு வேறு இடத்தில் ஓடும். தம்பிக்கு விற்றவன் அனுப்பிய ஏழு படத்தில் பின்பக்கம் ஒன்றே ஒன்று, அதிலும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் அடித்திருந்தது. இதில் எந்தக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள், ஐயா?

பெட்டி கைக்கு வந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதுவும் ஒட்டை வைத்து இல்லை. பெட்டியின் கீழ் மூலை தேய்ந்து வெள்ளை நார் தெரிந்தது. அதற்கு மேலே தாள் பளபளவென்று ஒரு கீறல் இல்லாமல். தாளுக்குள் இருந்த அட்டை எப்படித் தேய்ந்தது? முன்பக்கம் பழைய விலைச் சீட்டின் பசைத் தடம், அதுவும் தாளுக்கு அடியில். அதாவது ஒட்டி, உரித்து, தேய்ந்து முடிந்த பிறகு மேலே தாள் சுற்றியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது அவரேதான், நீங்கள் இல்லை. கண்டுபிடித்ததைச் சொன்னதற்குத்தான் சிரித்தீர்கள்.

இன்னொன்று, விற்றவனே ஏமாந்தவனாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே சில கடைகள் திரும்பி வந்த கேமை மறுபடி தாள் சுற்றி அலமாரியில் வைத்தன. முப்பது வருஷம் கழித்து யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

பெரிய ஆட்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2022-ல் பழைய கம்ப்யூட்டர் கேம் சேகரிப்பாளர்கள் நடுவே வெடித்த விவகாரத்தை மறந்துவிட்டீர்களா? 1980-களின் ஆரம்பகால கேம்கள், போலி லேபிள், சில டிஸ்க்குகளில் எதுவுமே இல்லை. வருஷக்கணக்கில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஏன்? பழைய டிஸ்க், கெட்டுவிடும் என்ற பயம். பொருளின் மேல் வைத்த மரியாதையே அவர்கள் கண்ணை மறைத்தது. அவர்களையும் பேராசைக்காரர்கள் என்பீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்கலாம். சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் வளர்ந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது கோல்டன் சைனா டிவி கேம். நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல் என்று அப்போது தெரியாது. மஞ்சள் கேசட், உள்ளே ஊதி ஊதிப் போட வேண்டும். அசல் பெட்டியைக் கையில் தொட்டதே முப்பத்தைந்து வயதில். 2019-ல் 6,800 ரேண்ட் கொடுத்து "பஞ்ச்-அவுட்" ஒன்று வாங்கினேன், அமெரிக்கப் பிரதி, சீலோடு. "நீ சின்னப் பிள்ளையா?" என்றாள் அம்மா. ஆமாம் அம்மா, அந்தச் சின்னப் பிள்ளைக்குத்தான் வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். எச் ஒட்டு சரியாக இருக்கிறது. ஆனால் மேல் மூலையில் ஒரு மடிப்பு, அதன் மேல் தாளில் மடிப்பே இல்லை. தாள் இறுகி நேராகியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சனிக்கிழமை உங்கள் பொம்மைகளைப் பார்த்தபோது நன்றாகவே புரிந்தது. நீங்கள் சிரித்தால் அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான். சத்தமில்லாமல் வேறொருவன் தலையில் கட்டிவிட்டு வெளியே வருவான். அதே பெட்டி இந்தக் குழுவுக்குள்ளேயே நான்கு கை மாறும். அப்போது சிரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் வீட்டிலும் வந்து நிற்கும்.

"கேம் விளையாடத்தானே, பிரித்து விளையாடு" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் டின்னர் செட்டில் என்றைக்காவது சோறு சாப்பிட்டிருக்கிறீர்களா?

விற்கவும் மனசில்லை. சந்தேகத்தைச் சொல்லி விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் விற்றால் நானும் அவனும் ஒன்று. போன ஞாயிறு அக்கா மகன் வந்தான், எட்டு வயது. "மாமா, இதுக்குள்ள கேம் இருக்கா?" என்றான். தெரியாது என்றேன். எனக்குப் பைத்தியம் என்பது போலப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக் காதோடு வைத்து மெதுவாக ஆட்டினான்.

"ஏதோ இருக்கு மாமா."