கண்டிப்பான ஆசிரியரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு

மலேசியாவில் மே 16, ஆசிரியர் தினம் வந்துவிட்டால் நம் முகநூல் பக்கங்களில் ஒரே பதிவுதான் நூறு பெயர்களில் வருகிறது. ‘அன்று அடித்தீர்கள், அழுதோம். இன்று வாழ்கிறோம், வணங்குகிறோம்.’ தமிழ்ப்பள்ளிகளின் பொன்விழா மலர்களுக்கு வரும் கட்டுரைகளில் பாதியும் இப்படித்தான் இருக்கின்றன. எழுதியவர்களின் நன்றியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மனம் எப்போது மாறியது, எதைத் தெரிந்துகொண்டதால் மாறியது என்று அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. படிக்கிறவருக்கு வேண்டியதே அந்த வரிதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். கற்பனைதான். செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, ஆண்டு 1983, ஐந்தாம் வகுப்பு. அங்கே படித்தவர் இப்படி எழுதுகிறார்: ‘எங்கள் கணித ஆசிரியை மிகவும் கண்டிப்பானவர். வாய்ப்பாடு தெரியாவிட்டால் விரல் கணுவில் அடிப்பார். அன்று அவரை வெறுத்தேன். இன்று நான் கணக்காய்வாளராக இருக்க அவரே காரணம்.’

முதலில் ‘அடிப்பார்’ என்ற சொல்லைப் பாருங்கள். வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழில் இந்த வடிவம் கைகொடுக்கும். ‘தினமும் வருவார், பாடுவார்’ என்கிறோமே, அதுபோல. ஆனால் அடியைச் சொல்லும்போது அது வலியை மழுங்கடித்துவிடும். எந்த நாள், எந்தக் கேள்வி, எத்தனை அடி என்பதெல்லாம் அதற்குள் கரைந்துபோகும். ‘அடித்தார்’ என்று எழுதினால் ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். சொல்ல முயலும்போதுதான் எது நினைவில் இருக்கிறது, எது பிறகு கேட்டுக் கேட்டுச் சேர்ந்தது என்பது எழுதுகிறவருக்கே தெரியவரும்.

அடுத்தது ‘கண்டிப்பானவர்’. பதினொரு வயதுப் பிள்ளை அந்தச் சொல்லால் யாரையும் நினைத்திருக்காது. ‘சிடுமூஞ்சி வருதுடா’ என்றுதான் பின்வரிசையில் பேச்சு ஓடியிருக்கும். ‘கண்டிப்பு’ பெரியவர்கள் போட்டுக்கொடுக்கும் சொல். அதற்குள் மன்னிப்பும் சேர்ந்தே வருகிறது. தவிர, அது துல்லியமான சொல்லும் இல்லை. ஆசிரியராகத் தகாதவர்களை நன்னூல் எத்தனை நுட்பமாகப் பிரிக்கிறது! தானாக விழுந்தால் ஒழிய, ஏறிப் பறிக்க விடாத மடற்பனை ஒருவர். தண்ணீர் ஊற்றியவன் தோட்டத்தில் விழாமல் அடுத்தவன் தோட்டத்தில் காய் விழுகிற முடத்தெங்கு இன்னொருவர். உங்கள் ஆசிரியை எந்த வகையில் கடுமை, பேச்சிலா, கையிலா, மதிப்பெண்ணிலா, முகம் கொடுத்துப் பேசாததிலா என்று எழுதினால் போதும். ‘கண்டிப்பு’ தானாகவே தேவையில்லாமல் போய்விடும்.

அதே ஆள் அந்தக் காட்சியைத் திருப்பி எழுதுகிறார்: ‘ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார். 54 என்றேன். மர அடிக்கோலைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து மூன்று முறை அடித்தார். பக்கத்தில் இருந்த பெண் 56 என்று முணுமுணுத்தாள். அவளுக்கும் விழுந்தது.’ இதில் தீர்ப்பு எதுவும் இல்லை. ஆசிரியைக்கு வீட்டில் என்ன துன்பமோ என்ற ஊகமும் இல்லை. அந்தப் பையனுக்கு அப்போது தெரிந்தது இவ்வளவுதான் என்பதால் இந்தப் பத்தியில் இதற்கு மேல் எதையும் சேர்க்கக் கூடாது. நாற்பது வயதில் தெரிந்தது ஒன்று இங்கே கசிந்துவிட்டால் பின்னால் வரும் மாற்றத்துக்கு வேலையே இருக்காது.

இனி மாற்றம். எழுதுகிறவரின் பழைய கணக்கு நோட்டு அவர் அம்மாவின் அலமாரியில் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் விடையைத் திருத்தியதோடு விடாமல், எந்த வரியில் தவறு தொடங்கியதோ அங்கே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார் ஆசிரியை. வகுப்பில் 40 பேர், ஆளுக்குப் பத்துக் கணக்கு. ஒரு கணக்குக்குக் கால் நிமிடம் என்றால்கூட நாளுக்கு நூறு நிமிடத் திருத்தம். பதினொரு வயதில் தெரியாத ஒன்று இப்போது தெரிந்துவிட்டது. தேதி சொல்லக்கூடிய, கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று இது. ‘வயதாக ஆகப் புரிந்தது’ என்று எழுதுவதைவிட இந்தச் சிவப்பு வட்டம் ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் நோட்டு நிரூபிப்பது அவருடைய உழைப்பை மட்டுமே. அடிக்கோலை அது நியாயப்படுத்தாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ‘அவரே காரணம்’ என்ற வரிக்கு என்ன ஆதாரம்? அதே அடியை வாங்கிய மற்ற 39 பேரும் கணக்காய்வாளர் ஆனார்களா? பிழைத்து மேலே வந்தவர் மட்டுமே மலரில் எழுதுகிறார். படிவம் மூன்றோடு நின்றவரிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை. ஆகவே அந்த 56 சொன்ன பெண்ணைத் தேடிப் பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. ஒருவர் சொன்ன நினைவு பத்து நிமிடத்தில் எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். தனியாக அழைத்து, உங்களுக்கு நினைவிருப்பதை முதலில் சொல்லாமல், அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று அவர் சொன்னால் அதுவும் கட்டுரையில் இடம்பெற வேண்டும். திருத்தம் போட்ட கை, அடித்த கை இரண்டும் ஒரே ஆளுடையவை. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கத் தேவையில்லை. காலத்தோடு மாறும் தீர்ப்பு நல்லபடியாகத்தான் மாற வேண்டும் என்று விதியும் இல்லை. அன்று சிரித்து ரசித்த ஆசிரியரின் கேலி, இன்று நினைத்தால் ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைத்த கொடுமையாகத் தெரியலாம். அதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

‘அந்தக் காலத்தில் அது சாதாரணம்’ என்று எழுதும் முன்பு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் 1959-லேயே வந்தவை. அவற்றின்படி பெண் பிள்ளைகளுக்குப் பிரம்படி கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோதான் கொடுக்கலாம். ஆகவே ‘வழக்கத்தில் இருந்தது’ என்று எழுதலாம், ‘அனுமதி இருந்தது’ என்று எழுத முடியாது. இந்த ஒரு சொல்லில் கட்டுரையின் நேர்மையே அடங்கியிருக்கிறது. காலப்பிழையையும் கவனியுங்கள். 1983-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர் ‘யூபிஎஸ்ஆருக்காக அடித்தார்’ என்று எழுதினால் நினைவு எங்கோ கலந்துவிட்டது என்று பொருள். ஆறாம் வகுப்பில் எழுதிய அந்த அரசுத் தேர்வு 1988-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இருந்தது ஐந்தாம் வகுப்பு மதிப்பீடு.

‘அடியாத மாடு படியாது’, ‘மாதா பிதா குரு தெய்வம்’ இரண்டையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டிய தீர்ப்பை அவை முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. கடைசிப் பத்தியையும் பெரும்பாலும் வெட்டலாம். அங்கேதான் நன்றி உரை உட்கார்ந்திருக்கும். சிவப்பு வட்டத்தில் முடிந்தால் போதுமானது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு படியை அந்தப் பெண்ணுக்கு அனுப்புங்கள். கோலாலம்பூர்த் தமிழ் வட்டம் சின்னது. ஆசிரியையின் பெயரை விட்டுவிட்டாலும் பள்ளியும் ஆண்டும் பாடமும் சேர்ந்தால் ஆள் யாரென்று பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். அவருடைய பிள்ளைகளும் படிப்பார்கள். ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் வையுங்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எழுதிய வரிகளை அடித்துவிடுங்கள். முணுமுணுத்தவளைக் கட்டுரையில் காட்டலாமா, எந்தப் பெயரில் காட்டலாம் என்பதை அவரே சொல்லட்டும்.