ஞாயித்துக்கிழமை தொடப்பமும் ராக்கம்மாவும்

வீடு கிளீன் பண்றப்ப குத்துப்பாட்டு போட்டா வேலை சீக்கிரம் முடியும்னு எல்லாரும் சொல்றோம். எதனால முடியுதுன்னு நாலஞ்சு ஞாயித்துக்கிழமையா கவனிச்சு பாத்தேன். கை ஒன்னும் பெருசா வேகமா ஓடல. நடுவுல நிக்கறது இல்ல, அவ்ளோதான் விஷயம். பாட்டு இல்லாதப்ப ஹால் பெருக்கி முடிச்சதும் கை தானா போனை எடுக்கும், சோஃபால இருக்கற பேப்பர புரட்டுவேன், அப்டியே இருபது நிமிஷம் போயிரும். பாட்டு ஓடிட்டு இருந்தா அந்த இடைவெளியே வராது.

அதனால நான் பாட்ட கடிகாரம் மாதிரி வச்சுக்கறேன். நம்ம சினிமா பாட்டு பொதுவா நாலஞ்சு நிமிஷம் வரும், ஒரு ரூம் பெருக்க சரியா இருக்கும். அடுத்த பாட்டு ஆரம்பிச்சிருச்சு, நான் இன்னும் கட்டிலுக்கு அடியிலயே இருக்கேன்னா லேட்டுன்னு அர்த்தம். எங்க ரெண்டு பெட்ரூம் வீட்ட பெருக்கி தொடைக்க ஒன்பது பாட்டு, அதாவது நாப்பது நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல. இத அத்தைகிட்ட (மாமியார்) சொன்னப்ப "எங்க அப்பாரு ஏத்தம் எறைக்கறப்ப இதத்தாம்மா பண்ணாரு"ன்னாங்க. ஏத்தப்பாட்டுல எத்தன சால் தண்ணி எறைச்சாச்சுங்கற எண்ணிக்கையும் பாட்டோடயே வரும், பாட்டே கணக்கு. அதக் கேட்டதுலருந்து இந்த விஷயத்துல எனக்கு தனி மரியாதையே வந்துருச்சு.

பெருக்கறதுக்கு டப்பாங்குத்து தாளம் நல்லா ஒத்துப்போகும். ஆறு ஆறா எண்ணிப்பாத்தா அதுல ரெண்டு அடி அழுத்தமா விழும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வீச்சு. கில்லி படத்துல கேகே, அனுராதா ஸ்ரீராம் பாடுன "அப்படி போடு" வந்தா என்னால சும்மா நிக்கவே முடியாது, 2004ல வந்த பாட்டு, என் பொண்ணுக்கும் அதான் பிடிக்குது. ஆனா ரொம்ப வேகமான பாட்டுக்கு அடிக்கு அடி வீசாதீங்க, பூந்தொடப்பத்துல தூசி மேல எழும்பி திரும்ப தரையிலயே உக்காந்துரும், பத்து நிமிஷம் கழிச்சு டிவி ஸ்டாண்டுல விரல் வச்சு இழுத்தா கோடு விழும். ரெண்டு அடிக்கு ஒரு வீச்சு போதும்.

மாப் போடறதுக்கு என் ஓட்டு "ராக்கம்மா கையத் தட்டு"க்குதான். 1991ல வந்த தளபதி, இளையராஜா, எஸ்பிபி, ஸ்வர்ணலதா. ஏழு நிமிஷத்துக்கு வர்ற பாட்டு, ஹால் முழுசும் அதுலயே முடிஞ்சிரும். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது நடுவுல வர்ற இடம். அவ்ளோ ஆட்டமும் சட்டுனு அடங்கி அப்பரோட "குனித்த புருவமும்" தேவாரம் வரும் பாருங்க, அங்க கை தானா மெதுவாகும். நான் அந்த எடத்துலதான் மாப்ப பக்கெட்டுல அலசி நல்லா பிழியறது. அழுக்குத் தண்ணி பிழிஞ்சு முடிக்கவும் தாளம் திரும்ப ஏறவும் சரியா இருக்கும், மிச்ச பாதிய அந்த வேகத்துலயே தொடச்சிருவேன். அந்த நிதானம் இல்லாம ஒரே ஓட்டமா போற பாட்டுக்கு மாப் போட்டப்ப பிழிய மறந்து தரையெல்லாம் தண்ணி தேங்கி, காஞ்சதும் திட்டுத் திட்டா வெள்ளையா தெரிஞ்சுது, மறுபடி தொடைக்க வேண்டியதாச்சு.

ஃபேன் தொடைக்கறப்ப மட்டும் பாட்டே வேணாம். பழைய தலையணை உறைய றெக்கையில மாட்டி இழுத்தா தூசி உள்ளயே விழுந்துரும், அதுக்கு ஸ்டூல் மேல நிக்கணும், அங்க நின்னு கால் தாளம் போட ஆரம்பிச்சா ஆபத்து. அதனால ஃபேன், ஒட்டடை எல்லாம் முதல்ல அமைதியா முடிச்சுட்டு, கீழ இறங்கினப்புறம்தான் பாட்டு.

லிஸ்ட்ட சனிக்கிழமை ராத்திரியே போட்டு வச்சிருங்க, மனப்பாடமா தெரிஞ்ச பாட்டா மட்டும் போடுங்க. புதுப் பாட்டு வந்தா வரி என்னன்னு கேக்க நின்னுருவோம். ஆப் தானா அடுத்த பாட்ட தேர்ந்தெடுக்க விட்டா திடீர்னு ஒரு சோக மெலடி வந்து உக்கார வச்சிரும், ஈரக்கையோட ஸ்கிரீன தேய்ச்சுட்டு நிக்கணும். ஸ்பாட்டிஃபைல கிராஸ்ஃபேட்னு ஒரு செட்டிங் இருக்கு, அஞ்சு செகண்ட் வச்சா ஒரு பாட்டு அடங்கறப்பவே அடுத்தது உள்ள வந்துரும். அந்த சின்ன அமைதியிலதான் நான் எப்பவும் உக்காருவேன், இப்ப அதுக்கு எடமே இல்ல. போன் பிரிட்ஜ் மேல, கைக்கு எட்டாத மாதிரி.

இன்னும் பாத்ரூம் டைல்ஸ் தேய்க்கறதுக்குத்தான் சரியான பாட்டு அமையல. பிரஷ் வீச்சு சின்னது, குத்துக்கு கை வலிக்குது, மெலடிக்கு கறை போக மாட்டேங்குது. ராக்கம்மா மாதிரி நடுவுல மூச்சு விட எடம் இருக்கற பாட்டு ஏதாவது தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க, வர்ற ஞாயித்துக்கிழமையே தேய்ச்சு பாத்துட்டு சொல்றேன்.